பே ஸ்லிப்பில் ஒரு தொகை, அக்கவுண்ட்டில் வேறு தொகை: கார் லோன் நிற்கிறது (டர்பன்)

குமரன்: வணக்கம். கார் லோனுக்கு மூன்று மாத பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி தந்த சம்பளச் சான்றிதழ் எல்லாம் கொடுத்தேன். வருமானத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். சான்றிதழில் மாதம் 24,000 ராண்ட். பே ஸ்லிப்பில் வரி, யூ.ஐ.எஃப்., பென்ஷன் போக 19,268. அக்கவுண்ட்டில் விழுவது 17,768. சான்றிதழில் தொகையைக் கூட்டி எழுதச் சொல்லலாமா?

செல்வி: பே ஸ்லிப்பே தேவையில்லை தம்பி. கடைசி மூன்று சம்பளம் விழுந்த ஸ்டேட்மென்ட் போதும் என்று கடன் சட்ட விதியிலேயே இருக்கிறது.

ராஜன்: விதி அப்படித்தான், இரண்டில் ஒன்று போதும். ஆனால் பேங்க் இரண்டையும் கேட்கலாம், கேட்டால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 24,000-க்கும் 19,268-க்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்லிப்பே காட்டிவிடுகிறது, அதனால் சிக்கல் இல்லை. மிச்சமுள்ள 1,500 எங்கே போகிறது? மாதாமாதம் அதே தொகைதானா? அட்வான்ஸ் ஏதும் வாங்கினீர்களா?

குமரன்: ஆமாம் அண்ணா, போன வருடம் கம்பெனியில் கடன் வாங்கினேன். அதற்குத்தான் பிடிக்கிறார்கள். ஸ்லிப்பில் அது வராது.

ராஜன்: சிக்கல் அதுதான். எதற்காக எவ்வளவு பிடித்தார்கள் என்று ஸ்லிப்பில் காட்டுவது முதலாளியின் கடமை, வேலை நிபந்தனைச் சட்டம் சொல்கிறது. மூன்று மாத ஸ்லிப்பையும் "ஸ்டாஃப் லோன் 1,500" என்ற வரியோடு திருத்தித் தரச் சொல்லுங்கள். சான்றிதழில் மொத்தச் சம்பளம், கைக்கு வருவது, வேலையில் சேர்ந்த தேதி, நிரந்தர வேலையா என்பது, கையெழுத்துப் போட்டவரின் பதவி, ஆபீஸ் லேண்ட்லைன் எல்லாம் இருக்கட்டும். பேங்க்காரர்கள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தொகையைக் கூட்டி எழுதச் சொல்லவே வேண்டாம், அது மோசடி. பி.டி.எஃப்.பில் நீங்களாக ஒரு எண்ணையும் தொடாதீர்கள்.

மீனா: வேலையை விடும்போது தரும் சர்வீஸ் சான்றிதழா இது? எனக்குப் பழைய கம்பெனி இன்னும் தரவில்லை.

ராஜன்: இல்லை அம்மா, அது வேறு. அதைத் தருவதும் சட்டப்படி கடமைதான், எழுத்தில் கேளுங்கள்.

அன்பு: ஷெங்கன் விசாவுக்கு என் தங்கை இதே மாதிரிக் கடிதம் கொடுத்தாள். சம்பளம் சரியாக இருந்தது, ஆனால் லீவு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இல்லை. மறுபடி வாங்கி வரச் சொன்னார்கள். விசாவுக்குக் கேட்பவர்கள் லீவுத் தேதியையும், திரும்பி வந்து அதே வேலையில் சேர்வார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

குமரன்: கேட்டுப் பார்த்தேன். இந்த மாதம் முதல் ஸ்லிப்பில் ஸ்டாஃப் லோன் வரியைச் சேர்ப்பார்களாம், பழைய ஸ்லிப்பைத் திருத்த மாட்டார்களாம்.

ராஜன்: அப்போ பழைய மூன்று மாதத்துக்கும் பிடித்த தொகை, மீதிக் கடன் எவ்வளவு என்று தனிக் கடிதம் வாங்குங்கள், நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன் ஒப்பந்த நகலும் சேர்த்துக் கொடுங்கள். பேங்க் ஏற்கலாம். இல்லாவிட்டால் மூன்று புது ஸ்லிப் சேரும்வரை காத்திருக்க வேண்டும். எப்படியும் 1,500-ஐ உங்கள் மாதச் செலவில் சேர்த்துத்தான் தவணை கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். தவணை எவ்வளவு வரும் என்றார்கள்?

குமரன்: 5,200. அதற்கு மேல் வாடகை 7,000.