ரிலேட்டிவ் கிளாஸ்: டிஃபைனிங், நான்-டிஃபைனிங் இரண்டுக்கும் தமிழில் என்ன போடலாம்?

திருச்சி, கல்லூரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரிலேட்டிவ் கிளாஸுக்கு 'பெயரெச்சத் தொடர்' என்று வைத்துவிட்டேன், அதில் எனக்குச் சிக்கல் இல்லை. டிஃபைனிங், நான்-டிஃபைனிங் என்ற பிரிவுக்குத்தான் சொல் வேண்டும். பழைய பதிப்பில் 'வரையறுக்கும்', 'வரையறுக்காத' என்று இருக்கிறது. மாணவர்கள் அதைப் படித்துவிட்டு, அகராதியில் சொல்லுக்குப் பொருள் தருவதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் வகுப்பில் எடுக்கும் வாக்கியங்கள் இவை:

தி பேஷண்ட்ஸ் ஹூ ஹேட் ஃபீவர் வேர் சென்ட் ஹோம்.
தி பேஷண்ட்ஸ், ஹூ ஹேட் ஃபீவர், வேர் சென்ட் ஹோம்.

முதல் வாக்கியத்தில் காய்ச்சல் இருந்தவர்கள் மட்டும் வீட்டுக்குப் போனார்கள், மற்றவர்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். இரண்டாவதில் எல்லோருமே போய்விட்டார்கள், எல்லோருக்குமே காய்ச்சல். சொற்கள் ஒன்றுதான், இரண்டு காற்புள்ளிகள் வார்டையே காலி செய்துவிட்டன. தமிழில் இரண்டுக்குமே 'காய்ச்சல் இருந்த நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள்' என்று எழுதுகிறார்கள். இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டுகிற சொல் கிடைக்குமா?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை, நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் 'இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறு அல்ல செய்யுளாறே' என்ற நூற்பாவை எடுத்துப் பாருங்கள். செந்தாமரை என்றால் வெண்டாமரை என்று இன்னொன்று இருக்கிறது, அதிலிருந்து இதைப் பிரிக்கவே 'செம்மை' வந்தது. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு என்று எதுவும் இல்லை. அந்த அடை எதையும் பிரிக்கவில்லை, ஞாயிற்றைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது, அவ்வளவுதான். முன்னது இனமுள்ள அடை, பின்னது இனமில்லா அடை. உங்கள் முதல் வாக்கியத்தில் காய்ச்சல் இல்லாத நோயாளிகள் என்ற இனம் உண்டு, இரண்டாவதில் இல்லை. இதைவிடத் துல்லியமாக ஆங்கிலக்காரர்களே சொல்லவில்லை.

தொல்காப்பியர் இனமில்லா அடையைச் செய்யுளுக்கு ஒதுக்கினார், நன்னூலார் வழக்கிலும் வரும் என்றார். உரைமரபில் இன்னும் நுட்பமாக 'பிறிதின் இயைபு நீக்கிய விசேடணம்', 'தன்னோடு இயைபின்மை நீக்கிய விசேடணம்' என்று இரண்டு பெயர்கள் உண்டு. 'அடை' என்பதும் வெறும் சொல் அல்ல. அடு, அடுத்தல், அடைதல், அடை எல்லாம் நெருங்கிச் சேர்வதைக் குறிப்பவை. பெயரை அடுத்து நின்று அதைச் சேர்வது அடை. அடைக்கலம் என்பதையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

பெங்களூரு, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, பிறிதின் இயைபு நீக்கிய விசேடணம் என்று பாடப்புத்தகத்தில் அச்சிட்டால் பையன் அந்தப் பக்கத்தையே நீக்கிவிடுவான். இன அடையும் அப்படித்தான், இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இனம் என்றால் வேறு நினைவு வரும். எளிய வழி இருக்கும்போது ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? 'காற்புள்ளித் தொடர்', 'காற்புள்ளியில்லாத் தொடர்' என்று வைத்துவிடுங்கள். விதியும் எளிது. தட் வந்தால் காற்புள்ளி இல்லை, விச் வந்தால் காற்புள்ளி. நாங்கள் வேலையில் அப்படித்தான் திருத்துகிறோம், காற்புள்ளி இல்லாமல் விச் போட்டால் எழுது மென்பொருளே கோடு போட்டுக் காட்டும்.

புதுச்சேரி, மருத்துவ ஆவண மொழிபெயர்ப்பாளர்:

அந்த விதியில் பாதிதான் சரி. தட் போட்டால் காற்புள்ளி இல்லை என்பதை நம்பலாம், நான்-டிஃபைனிங்கில் இன்றைய எழுத்து ஆங்கிலம் தட் போடுவதில்லை. மறுபாதிதான் நிற்காது. டிஃபைனிங்கில் விச் தாராளமாக வரும், பிரிட்டிஷ் எழுத்தில் எங்கும் பார்க்கலாம். தட் ஒன்றுக்கு, விச் மற்றொன்றுக்கு என்று பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்குமே என்று ஆங்கில வழக்குக் கையேடு எழுதிய ஃபவுலர் 1926இல் ஒரு யோசனையாகத்தான் சொன்னார். பலர் அப்படிப் பின்பற்றுவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் அதை விதியாக்கிக்கொண்டார்கள், உங்கள் மென்பொருள் போடும் கோடு அங்கிருந்து வந்தது. திருச்சி மாணவர்கள் படிக்கும் ஆங்கிலத்தில் அதைப் பிழை என்று சொல்லிக்கொடுத்தால் அவர்களுடைய பாடநூலே பிழையாகிவிடும்.

காற்புள்ளியைப் பெயராக வைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பேச்சில் காற்புள்ளி ஏது? அங்கே குரல் சற்று நின்று இறங்குகிறது. பொருள்தான் காரணம், காற்புள்ளி அதன் அடையாளம்.

என் வேலையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நான்-டிஃபைனிங்கைப் பெயரெச்சமாக மொழிபெயர்ப்பதில்லை, வாக்கியத்தை உடைத்துவிடுகிறேன். 'நோயாளிகள் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இருந்தது.' பெயரெச்சமாகவே விட்டால் படிப்பவர் 'அப்படியானால் காய்ச்சல் இல்லாதவர்கள்?' என்று கேட்பார். மருந்துச் சீட்டில் அந்தக் கேள்வி வரக்கூடாது.

யாழ்ப்பாணம், ஆங்கில ஆசிரியர்:

பெயரை நீங்கள் முடிவு செய்யுங்கோ, பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். எப்போது ஹூ, விச், தட் என்பவற்றை விடலாம் என்பதுதான் அவர்களுக்குக் குழப்பம். நான் ஒரே ஒரு சோதனைதான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார். 'தி மேன் ஹூ ஐ மெட்' என்பதில் ஹூவுக்குப் பிறகு 'ஐ' வருகிறது, தொடருக்கு எழுவாய் தனியாக இருக்கிறது, ஆகவே விடலாம்: 'தி மேன் ஐ மெட்'. 'தி மேன் ஹூ மெட் மீ' என்பதில் நேரே வினை வருகிறது, ஹூதான் எழுவாய், விட முடியாது. விட்டால் 'தி மேன் மெட் மீ' என்று முழு வாக்கியமாகிப்போகும், பெயரெச்சமே காணாமல் போய்விடும். இது டிஃபைனிங்குக்கு மட்டும். நான்-டிஃபைனிங்கில் எதையும் விடக்கூடாது.

தமிழ்ப் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் இரண்டைச் சொல்கிறேன், முதலாவது தமிழிலிருந்தே வருவது. 'நான் எழுதுகிற பேனா' என்று நாங்கள் சொல்லும்போது 'பேனாவால்' என்ற உருபு மறைந்துவிடுகிறது. அதனால் 'தி பென் ஐ ரைட்' என்று நிறுத்திவிடுகிறார்கள், 'தி பென் ஐ ரைட் வித்' என்று கடைசியில் வித் வேண்டும். அந்த வித்தை முன்னால் கொண்டுபோய் 'தி பென் வித் விச் ஐ ரைட்' என்றால் விச்சை விடவும் முடியாது, அதற்குப் பதிலாகத் தட் போடவும் முடியாது. மற்றது, 'தி புக் ஐ பாட் இட்' என்று தேவையில்லாமல் ஒரு இட் சேர்ப்பது. விச்சை விட்ட வெறுமையை நிரப்பவேண்டும் என்று தோன்றுகிறது போலும். 'பாட்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் முன்னால் நிற்கும் 'புக்'தான் என்று கோடு இழுத்துக் காட்டினால்தான் பிடிபடும்.

ஈரோடு, பள்ளி ஆசிரியர்:

விடுவது என்று ஏன் சொல்கிறீர்கள், 'தொகுதல்' என்று சொல்லுங்கள். உருபு மறைந்தால் வேற்றுமைத்தொகை, பெயரெச்சத்தின் காலம் மறைந்தால் வினைத்தொகை. ஊறுகாய் என்றாலே போதும், ஊறிய, ஊறுகிற, ஊறும் எதுவும் தேவையில்லை. அதேபோல ஆங்கிலத்தில் எல்லா ரிலேட்டிவ் கிளாஸையும் தொகையாக்கிவிடலாமே. 'தி பாய் ஸ்டாண்டிங் தேர்' என்று என் மாணவர்கள் எழுதுகிறார்கள், அங்கே ஹூ எழுவாய்தானே, விட்டுவிட்டார்களே.

யாழ்ப்பாணம், ஆங்கில ஆசிரியர்:

அங்கே ஹூ தனியாகப் போகவில்லை ஐயா, 'ஹூ இஸ்' இரண்டும் சேர்ந்து போயிருக்கிறது, மிஞ்சியது எச்சம். 'தி பாய் ஸ்டாண்ட்ஸ் தேர் இஸ் மை பிரதர்' என்று எழுதச் சொல்லுங்கோ, வாக்கியம் நொண்டுவது தெரியும். ஆனால் 'தொகுதல்' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இனமில்லா அடை யாருக்கும் புரியாது என்றார் பெங்களூர்த் தம்பி. 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று எத்தனையோ தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள், அதிலுள்ள பெயரெச்சம் இனமில்லா அடைதான். இலக்கணம் தெரியாதவர்களுக்கும் அது புரிகிறது. இதற்கு நேரான ஆங்கில வாக்கியத்தில் 1611ஆம் ஆண்டு விவிலியப் பதிப்பு இறைவனுக்கே விச் போட்டிருக்கிறது. ஹூ ஆளுக்கு, விச் பொருளுக்கு என்ற கட்டு அப்போது அங்கே இறுகவில்லை.

புதுச்சேரி, மருத்துவ ஆவண மொழிபெயர்ப்பாளர்:

அது இனமில்லாததா? மண்ணிலுள்ள தந்தையிடமிருந்து பிரிக்கத்தான் 'பரமண்டலங்களிலிருக்கிற' வந்தது என்று ஒருவர் வாதிட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? தமிழ் வடிவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, கேட்பவர் மனத்தில் வேறொரு தந்தை இருக்கிறாரா என்பதுதான் கணக்கு.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேண்டுதலில் 'எங்கள் பிதா' என்றதுமே ஒருவர்தான். இதை நான் ஒப்ப மாட்டேன்.

திருச்சி, கல்லூரி ஆசிரியை:

நேரம் நெருங்குகிறது, இப்படி வைக்கிறேன். பாடத்தில் 'பிரித்துக்காட்டும் தொடர்', 'கூடுதல் செய்தித் தொடர்'. செந்தாமரை, செஞ்ஞாயிறு எடுத்துக்காட்டும் இன அடை விளக்கமும் பாடத்தின் தொடக்கத்தில் ஒரு பெட்டிக்குள் வரும், ஏனென்றால் அதைச் சொன்ன உடனே வகுப்பில் புரிந்துகொண்டார்கள். ஹூ, தட் விடுவதைத் 'தொகுதல்' என்றே எழுதுகிறேன். நான்கு பேர் சரி என்று தனி மடலில் சொல்லிவிட்டார்கள். மதுரை ஐயா தலைப்பிலேயே 'இனமில் அடை' வேண்டும் என்கிறார், அவருடைய மறுப்பை முன்னுரையில் குறிக்கிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெட்டிக்குள் போட்டால் தேர்வுக்கு இல்லை என்று தாண்டிவிடுவார்கள், அம்மா. ஆனாலும் உங்கள் முடிவு.

புதுச்சேரி, மருத்துவ ஆவண மொழிபெயர்ப்பாளர்:

ஒன்று மட்டும், அச்சுக்குப் போகுமுன் பாருங்கள். 'ஹீ பாஸ்ட் தி எக்ஸாம், விச் சர்ப்ரைஸ்ட் எவ்ரிஒன்' என்ற வாக்கியத்தில் விச் எந்தப் பெயரையும் பற்றவில்லை, எல்லோரையும் வியக்க வைத்தது தேர்வு அல்ல, அவன் தேறியது. முன்னால் வந்த வாக்கியம் முழுவதையும் அது பற்றுகிறது. 'கூடுதல் செய்தித் தொடர்' அதற்குப் பொருந்தும். இன அடை பொருந்தாது, அடைய அங்கே பெயரே இல்லை. அதைவிட, பாடத்துக்கே வைத்திருக்கும் 'பெயரெச்சத் தொடர்' என்ற பெயரும் அங்கே உடைகிறது. தமிழில் 'அவன் தேறிவிட்டான், அது எல்லோருக்கும் வியப்பு' என்றுதான் சொல்ல முடியும், எச்சம் எங்கேயும் வராது.

திருச்சி, கல்லூரி ஆசிரியை:

தலைப்பை மாற்ற இப்போது நேரமில்லை. அந்த வகையை இந்தப் பதிப்பில் சேர்க்கவில்லை. பெயர் தோன்றுகிறவர்கள் இதே இழையில் எழுதி வையுங்கள்.