அப்பா படத்திலிருந்து ஐடி கார்டை எடுத்தேன், கட்டம் போட்ட சட்டைதான் பாடாய்ப் படுத்தியது

மேலூர் ஸ்டுடியோக்காரர்

போன மாதம் ஒரு பையன் கடைக்கு வந்தான். அப்பா தவறி ஒன்பது நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு 12க்கு 18 அளவில் சட்டம் போட்ட படம் வேண்டும் என்றான். நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆபீஸ் விழாவில் எடுத்தது, முகம் நிறையச் சிரிப்பு. ஆனால் கழுத்தில் சிவப்புக் கயிறு, மார்பில் கார்டு. கார்டுக்குப் பின்னால் இரண்டு பொத்தான்கள் மறைந்திருந்தன. சட்டையோ பொடிக்கட்டம்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருந்தது. டாக்குமெண்டாக அனுப்பச் சொன்ன பிறகுதான் கட்டத்தின் கோடுகள் பிரிந்து தெரிந்தன.

முதலில் குறுக்கு வழியில் போனேன். கயிறு படாத பக்கத்துத் துணியை வெட்டி, இடம் வலமாகத் திருப்பி ஒட்டினேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது. திருப்பியதும் மார்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி மின்னியது. அதைவிடப் பெரிய தவறு பொத்தான் பட்டியில். ஆண்கள் சட்டையில் போட்டிருப்பவரின் இடப் பக்கம் மேலே வரும். என் வேலையில் பாதிப் பட்டி மாறி மூடியிருந்தது. அழித்துவிட்டேன்.

அப்புறம் ஃபோட்டோஷாப்பில் புதிதாக ஒரு காலி லேயர் போட்டு, க்ளோன் ஸ்டாம்ப்பில் Sample என்பதை `Current & Below` என்று வைத்தேன். இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியில் மூலத்தை எடுத்து, கயிற்றுக்கு அடியில் அதே மாதிரி வெட்டும் புள்ளி எங்கே வரவேண்டுமோ அங்கே வைத்துத் தேய்க்க வேண்டும். நாலைந்து கட்டத்துக்கு மேல் ஒரே மூலத்தில் போனால் கோடு நழுவிவிடும், ஏனென்றால் நெஞ்சு வளைய வளைய கட்டமும் சாய்கிறது. பட்டியின் கட்டத்தைச் சட்டையின் கட்டத்தோடு சேர்க்கவில்லை. தைக்கும்போதே அது தனித் துண்டு, கோடு விலகித்தான் இருக்கும்.

பொத்தானுக்கு, கார்டுக்கு மேலேயும் கீழேயும் தெரிந்தவற்றின் நடுவே இருந்த தூரத்தைச் சமமாகப் பிரித்தேன். கழுத்துப் பொத்தானிலிருந்து அளக்கக் கூடாது, அந்த முதல் இடைவெளி மற்றதைவிடக் குறைவாகவே இருக்கும்.

திருமங்கலம், ஃப்ளெக்ஸ் டிசைனர்

அண்ணே, இவ்வளவு சிரமம் எதுக்கு? கயிற்றைச் செலக்ட் பண்ணி கன்டென்ட் அவேர் ஃபில் கொடுத்தால் இரண்டு நிமிடம். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வாரத்துக்குப் பத்து அப்படித்தான் செய்கிறேன்.

மேலூர் ஸ்டுடியோக்காரர்

வெள்ளைச் சட்டை என்றால் நீங்கள் சொல்வது சரி தம்பி, நானும் அதைத்தான் போடுவேன். கட்டத்தில் அது கோட்டைப் பாதியில் முறித்துவிடும். ரோட்டில் தூரத்தில் நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸில் அது தெரியாது. வீட்டுக் கூடத்தில் நாலடி தூரத்தில் தினமும் பார்க்கிற படத்தில் தெரியும்.

வெள்ளையிலும் ஒன்று கவனியுங்கள். கயிற்றை மட்டும் ஒட்டிச் செலக்ட் பண்ணினால் அதன் நிழல் வெளியே நின்றுவிடும். அப்புறம் கயிறே இல்லாத நெஞ்சில் சாம்பல் கோடு ஓடும். எனக்கும் நிழலோடு, துணியில் கயிற்றின் சிவப்புச் சாயலும் பட்டிருந்தது. அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, ஹியூ சாச்சுரேஷனில் சிவப்பைக் குறைத்தேன். தாடைக்குக் கீழேயும் கொஞ்சம் இருந்தது, ஆனால் தோலில் குறைத்தால் முகம் வெளுக்கும் என்று தொடவில்லை.

அலங்காநல்லூர்

இதே மாதிரி கார்டை எடுத்த படத்தைப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கலாமா?

மேலூர் ஸ்டுடியோக்காரர்

வேண்டாம் சார். அதற்குப் புதிதாகவே எடுங்கள், திருத்திய படத்தை ஏற்க மாட்டார்கள்.

உசிலம்பட்டி, செவிலியர்

என் அம்மாவும் நர்ஸ்தான். அவர் படத்தில் சேலை மேல் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை ஒரு கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். துணி சுத்தமாக இருந்தது, ஆனாலும் ஏதோ உறுத்தியது. பிறகுதான் புரிந்தது. பின்னூசி இழுத்த இரண்டு சின்ன மடிப்புகள் அப்படியே இருந்தன, ஒன்றுமே இல்லாத இடத்தை நோக்கி. கடைசியில் பட்டை உள்ள படத்தையே மாட்டினோம். அம்மாவுக்கு அந்த வேலைதான் எல்லாம். அந்தப் பையனிடம் கேட்டீர்களா அண்ணா, கார்டு இருக்கட்டுமா என்று?

மேலூர் ஸ்டுடியோக்காரர்

கேட்கவில்லை அக்கா. எடுக்கச் சொல்லித்தான் வந்தான், ஆனாலும் வீட்டில் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மடிப்பு விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. காலருக்குக் கீழே கயிறு அழுத்திய மடிப்பு ஒன்று இருந்தது. அதை முழுக்க எடுத்தால் சட்டை அட்டை மாதிரி விறைத்தது. பாதி விட்டுவிட்டேன். கர்வ்ஸ் லேயரில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பார்த்தபோது வேறெங்கும் கறை தெரியவில்லை, அந்த மடிப்பு மட்டும் தெரிந்தது. பையன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

திருமங்கலம், ஃப்ளெக்ஸ் டிசைனர்

நானாக இருந்தால் முழுசாக எடுத்திருப்பேன். மடிப்பு இருந்தால் கயிறு ஞாபகம் வருமே அண்ணே.