நன்றாகப் படிப்பவர்களே தவறவிட்ட கேள்வி: என்ன செய்யலாம்?

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தேர்வில் 40 பேர் எழுதினார்கள். மதிப்பெண் வரிசையில் முதல் 11 பேரையும் கடைசி 11 பேரையும் எடுத்து, கேள்வி கேள்வியாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"பூமியில் 60 கிலோ எடையுள்ளவரின் நிறை நிலவில் எவ்வளவு?" விடை 60 கிலோ. மேல்குழுவில் 3 பேர்தான் சரி, கீழ்க்குழுவில் 7 பேர். மொத்தம் 22-க்கு 10 என்பதால் கடினம் நடுத்தரமாகத் தெரிகிறது. ஆனால் பிரித்தறியும் திறன் (3−7)/11, அதாவது −0.36.

மேல்குழுவின் மற்ற 8 பேரும் "10 கிலோ"வையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 'எடை' என்று நான் எழுதியதுதான் அவர்களை ஆறில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு இழுத்திருக்கும் என்று நினைக்கிறேன். பிழை என்னுடையது.

இந்தக் கேள்வியை நீக்கிவிட்டு மதிப்பெண்ணைத் திருத்துவதா, இரண்டு விடைக்கும் மதிப்பெண் தருவதா? அப்புறம், 11 பேர் குழுவில் இரண்டு மூன்று பேர் மாறினாலே எண் புரண்டுவிடுமே, எந்த அளவை நம்பலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.