அக்கா கொடுத்த ஃபோன், அக்கா பெயரில் ஓடிய வைஃபை: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

மின்மினி

அக்கா புது ஃபோன் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்தாள். ஆண்ட்ராய்டு 12. படங்களை எடுத்துக்கொண்டாள், வாட்ஸப்பை நீக்கினாள், கூகுள் கணக்கை எடுத்துவிட்டாள், வீட்டு வைஃபையைத் தொட்டு Forget கொடுத்தாள். எனக்குத் தேவையான பாடப் பதிவுகள் நிறைய அதில் இருந்ததால் ஃபேக்டரி ரீசெட் செய்யவில்லை.

நான் படிக்கும் இடத்தில் eduroam என்ற வளாக வைஃபை உண்டு. எனக்கு இன்னும் ஐடியே தரவில்லை, ஆனால் வளாகத்துக்குள் கால் வைத்ததும் ஃபோன் தானாகச் சேர்ந்துகொண்டது. எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருக்கிறார்கள் போல என்று எண்ணிப் பயன்படுத்தி வந்தேன்.

சில மாதம் கழித்து அக்கா தன் பல்கலைக்கழகக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாள். அன்றிலிருந்து தொல்லை. காலையில் கணக்கு பூட்டிக்கொள்ளும், கணினி மையத்தில் சொல்லித் திறப்பாள், மதியம் மறுபடி பூட்டிக்கொள்ளும். புது ஃபோன், லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றிலும் புதுப் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்துவிட்டாள். கடைசியில் அங்கிருந்த ஒருவர் பதிவேட்டைத் திறந்து பார்த்து, "வேறொரு கல்வி நிறுவனத்திலிருந்து உங்கள் பெயரில் பழைய பாஸ்வேர்டோடு ஒரு கருவி விடாமல் கதவைத் தட்டுகிறது" என்றாராம். அந்த நிறுவனம் நான் படிக்கும் இடம். அந்தக் கருவி என் சட்டைப்பையில் இருந்தது.

அக்கா Forget கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகு இது மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டிருந்தது?

கேபிள்_பூச்சி

தங்கச்சி, நான் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதே சங்கதி என் மேசைக்கும் வந்திருக்கிறது.

வைஃபை திரையைத் திறந்தவுடன் தெரிகிற பட்டியலில் அப்போது சிக்னல் எட்டுகிற நெட்வொர்க்குகள் மட்டும்தான் இருக்கும். உங்கள் அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது வீட்டு வைஃபை தெரிந்தது, அதை நீக்கினார். பல்கலைக்கழகத்து eduroam அங்கே எட்டாது, அதனால் கண்ணில் படவே இல்லை. அதே திரையில் கீழே இறங்கினால் Saved networks என்று ஒரு வரி இருக்கும். ஃபோன் இதுவரை மனப்பாடம் செய்த மொத்தமும் அதற்குள்தான். சில கம்பெனி ஃபோன்களில் இது Advanced அல்லது மூன்று புள்ளி மெனுவுக்குள் ஒளிந்திருக்கும்.

கூகுள் கணக்கை எடுத்தாலும் இந்தப் பட்டியல் போகாது. அது ஃபோனுக்குச் சொந்தமானது, கணக்குக்கு அல்ல.

இனி eduroam கதை. வீட்டு வைஃபை வீட்டைத் தாண்டினால் செத்துப்போகும். eduroam அப்படியில்லை. உலகம் முழுக்கச் சேர்ந்திருக்கிற எல்லா வளாகத்திலும் ஒரே பெயர். உங்கள் வளாகத்து அக்சஸ் பாயிண்ட் உங்கள் ஃபோனிடம் "யார் நீ" என்று கேட்கும். ஃபோன் அக்காவின் ஐடியைச் சொல்லும். ஐடியில் @ குறிக்குப் பிறகு இருப்பதைப் பார்த்து, உங்கள் வளாகம் அந்தக் கேள்வியை அக்காவின் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பும். அவர்கள் "ஆமாம், எங்கள் ஆள்தான்" என்று சொன்னதும் கதவு திறக்கும். பாஸ்வேர்டு மாறியபின் "இல்லை" என்று பதில் வரும். தவறான பாஸ்வேர்டு இத்தனை முறை வந்தால் கணக்கைப் பூட்டு என்று அங்கே விதி இருந்தால், நீங்கள் வளாகத்தில் நடமாடும்போதெல்லாம் அக்காவின் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

பாஸ்வேர்டை மாற்றிய கொஞ்ச நாளில் கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டினால், முதலில் கைமாறிய பழைய ஃபோனைச் சந்தேகப்படுங்கள். அலுவலக வைஃபையில் ஊழியர் ஐடி போட்டு நுழைகிறவர்களுக்கும் இதே கதிதான்.

வெள்ளிமணி

இவ்வளவு சுத்தி வளைக்கணுமா சகோ? ஃபோனை வித்தா, கொடுத்தா வீட்டு ரவுட்டர்ல பாஸ்வேர்டை மாத்திடணும். பழைய ஃபோன்ல என்ன சேவ் ஆகியிருந்தாலும் அது செல்லாக்காசு. நான் எப்பவும் அப்படித்தான் பண்றேன்.

கேபிள்_பூச்சி

வெள்ளிமணி, வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. சொல்லப்போனால் ஃபோனில் Forget கொடுப்பதைவிட அது பலமான வழி. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற மற்ற இடங்களின் ரவுட்டர் உங்கள் கையில் இல்லையே. உங்கள் மாமியார் வீடு, நண்பர் வீடு, நீங்கள் வேலை பார்த்த இடம், எல்லாரிடமும் போய் மாற்றச் சொல்ல முடியாது. அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்த பாஸ்வேர்டு அது.

இன்னொன்று. சேவ் ஆன பாஸ்வேர்டை யாரும் படிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 10 முதல், eduroam போல ஐடி கேட்பவை தவிர, வீட்டு வைஃபை மாதிரி பாஸ்வேர்டு மட்டும் கேட்கும் நெட்வொர்க்குகளுக்கு Share பட்டன் வந்துவிட்டது. அழுத்தினால் க்யூஆர் கோடு வரும். அதை வேறு எந்த ஸ்கேனரில் காட்டினாலும் உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
WIFI:S:veettu_wifi;T:WPA;P:malligai2468;;
```

P: என்பதற்குப் பின்னால் பாஸ்வேர்டு அப்படியே பச்சையாக நிற்கிறது. பல ஃபோன்களில் க்யூஆருக்குக் கீழேயே எழுத்தாகவும் காட்டும். இதைக் காட்டும் முன் ஃபோன் பின் அல்லது கைரேகை கேட்கும். ஆனால் கொடுக்கும்போது "உனக்கு வசதியாக இருக்கட்டும்" என்று திரைப்பூட்டை எடுத்துவிட்டுத்தானே கொடுக்கிறோம்? பூட்டே இல்லாவிட்டால் கேள்வி கேட்காமல் காட்டிவிடும். இதுதான் எனக்குப் பெரிய கவலை. உறவுக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவரிடமிருந்து ஃபோன் இன்னொரு கைக்குப் போகும், ரிப்பேருக்குப் போகும்.

பழைய_ரேடியோ

நல்ல தலைப்பு. என்கிட்டயும் ஒரு பழைய ஃபோன் இருக்கு, ஆண்ட்ராய்டு 7. அதுல எங்க வீட்டு வைஃபை சேவ் ஆகியிருக்கு, பாஸ்வேர்டு எனக்கே மறந்துபோச்சு. அதை எப்படி எடுக்கிறது?

மின்மினி

ஐயா, இங்கே நாங்கள் அழிப்பதைப் பற்றிப் பேசுகிறோம்.

கேபிள்_பூச்சி

பரவாயில்லை, கேட்டதும் நல்லதுதான். அந்தப் பழைய வெர்ஷனில் Share பட்டன் இல்லை, ரூட் செய்யாமல் பார்க்க முடியாது. ரவுட்டருக்குள் நுழைந்தால் பாஸ்வேர்டு அங்கேயே இருக்கும், அதுதான் சுலபம்.

நிழல்குடை

ஐஃபோன்காரர்கள் கவனத்துக்கு. என் தம்பிக்குப் பழைய ஐஃபோனைக் கொடுக்க உட்கார்ந்தேன். iOS 16 முதல் Wi-Fi திரையில் மேலே Edit தொட்டால் தெரிந்த நெட்வொர்க் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றாக நீக்கலாம் என்று ஆரம்பித்தபோது ஒரு எச்சரிக்கை வந்தது: இந்த ஐஃபோன் மட்டுமல்ல, ஐக்ளவுட் கீசெயின் பயன்படுத்தும் உங்கள் மற்ற கருவிகளும் இனி இந்த நெட்வொர்க்கில் சேராது என்று. நல்லவேளை படித்தேன். பழைய ஃபோனில் நான் இன்னும் என் ஆப்பிள் கணக்கோடுதான் இருந்தேன். அழுத்தியிருந்தால் புது ஃபோனிலும் மேக் கணினியிலும் சேர்ந்து அழிந்திருக்கும்.

ஆகவே ஐஃபோனில் ஒவ்வொன்றாக நீக்க உட்காராதீர்கள். முதலில் ஆப்பிள் கணக்கிலிருந்து Sign Out. பிறகு General, அதில் Transfer or Reset iPhone, அதற்குள் Erase All Content and Settings. இந்த வரிசையில் போனால் ஃபோனில் இருப்பது போகும், ஐக்ளவுடில் இருப்பது அப்படியே இருக்கும்.

தாழ்வாரம்

எங்கள் வீட்டில் வேறு விதமாக நடந்தது. அண்ணன் தன் ஆண்ட்ராய்டு ஃபோனை முறையாக ஃபேக்டரி ரீசெட் செய்து அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பாவுக்குத் தனியாக மெயில் இல்லை என்பதால் தன் கூகுள் கணக்கையே போட்டுக் கொடுத்தார். மறுநாள் அப்பா என் வீட்டுக்கு வந்தார், நான் பாஸ்வேர்டு சொல்லும் முன்பே ஃபோன் என் வைஃபையில் ஏறிவிட்டது. ரீசெட் சரியாக நடக்கவில்லை என்று அண்ணன் ஒரே பதற்றம்.

கேபிள்_பூச்சி

ரீசெட் சரியாகத்தான் நடந்தது. கூகுள் பேக்கப்பில் வைஃபை பாஸ்வேர்டுகளும் போகும். அதே கணக்கைப் போட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டால் பட்டியல் திரும்பி வந்துவிடும். அப்பாவுக்குப் புதுக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுங்கள், வேறு வழி பார்க்க வேண்டாம். வைஃபை மட்டுமா, அண்ணனுடைய தொடர்புகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதே வழியாகத்தான் வரும்.

வெள்ளிமணி

ஃபேக்டரி ரீசெட் பண்ணாலும் சாஃப்ட்வேர் போட்டு எல்லாத்தையும் திரும்ப எடுத்துடுவாங்கன்னு சொல்றாங்களே?

கேபிள்_பூச்சி

பழைய காலத்து ஃபோன்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். ஆண்ட்ராய்டு 10-உடன் சந்தைக்கு வந்த ஃபோன்கள் முதற்கொண்டு உள்ளே இருப்பது எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும். ரீசெட் செய்யும்போது அதன் சாவி அழிகிறது, மிச்சம் இருப்பது யாருக்கும் புரியாத குப்பை. பழைய_ரேடியோ ஐயா சொன்ன ஆண்ட்ராய்டு 7 போன்றவற்றில், Security பகுதியில் Encryption என்ற இடத்தில் Encrypted என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அதைச் செய்துவிட்டுப் பிறகு ரீசெட் செய்யுங்கள்.

விற்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: கணக்கை முதலில் எடுத்துவிட்டு ரீசெட். மின்மினி மாதிரி உள்ளே இருப்பது வேண்டும் என்றால் System, Reset options, Reset Bluetooth & Wi-Fi. சில ஃபோன்களில் Reset network settings என்று இருக்கும். படம், ஆப் எதுவும் போகாது. சேவ் ஆன வைஃபை எல்லாம் போகும், ஜோடி சேர்த்த ஹெட்செட், கார் எல்லாமும் போகும். முடித்ததும் Saved networks திறந்து காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். eduroam-ஐ அதற்கென்ற ஆப் மூலம் சேர்த்திருந்தால் அந்த ஆப்பையும் நீக்குங்கள்.

நிழல்குடை

ஒரு சந்தேகம். சொந்தத் தம்பிக்குக் கொடுத்ததற்கே வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமா? டிவி, கேமரா, பிரிண்டர் எல்லாவற்றிலும் மறுபடி போட வேண்டும்.

தாழ்வாரம்

வேண்டாம் என்பது என் எண்ணம். அவன் வீட்டுக்கு வந்தால் கேட்டு வாங்கப் போகிறவன்தானே.

கேபிள்_பூச்சி

நான் மாற்றச் சொல்வேன். பூட்டை எடுத்துக் கொடுத்த ஃபோன், அழிக்கும் முன் யார் கையில் இருந்தது என்று தெரியாவிட்டால் கண்டிப்பாக. மற்றபடி உங்கள் வீடு, உங்கள் முடிவு.

மின்மினி

நேற்று Saved networks திறந்தேன். eduroam மட்டுமில்லை, அக்கா தங்கிய விடுதி, அவள் தோழி வீடு, ஒரு மருத்துவமனை எல்லாம் பெயரோடு இருந்தன. அக்காவின் சொந்த விஷயங்கள், நான் பார்த்திருக்கவே கூடாதவை. மொத்தமாக ரீசெட் கொடுத்துவிட்டேன், அக்காவின் கணக்கு அதற்குப் பிறகு பூட்டவில்லை.

கணினி மையத்தில் என் ஃபோனின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணைக் கேட்டார்கள். About phone-இல் இருப்பதைக் கொடுத்தேன், பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்கிறார்கள்.

கேபிள்_பூச்சி

ஒத்துப்போகாது. ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் மேக் முகவரியைத்தான் ஃபோன் காட்டும். அந்த நெட்வொர்க்கின் விவரத் திரையில் Randomized MAC என்று இருந்திருக்கும், இப்போது நீங்கள் நீக்கிவிட்டதால் அந்தத் திரை இல்லை. தேதியையும் நேரத்தையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் வளாகத்தில் இருந்த நேரங்களோடு பொருந்தும். ஃபோன் கைமாறிய தேதியை அக்காவை ஒரு மெயிலாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இத்தனை மாதம் நீங்கள் பார்த்ததெல்லாம் அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

மின்மினி

எழுதச் சொல்கிறேன் அண்ணா. அந்தப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.