சொல் தேவை: மாஸிங் மாடல், ரெண்டர்

கோமதி, வேலூர்

வணக்கம். கட்டட வரைகலை மாணவர்களுக்கான பாடக் குறிப்பு ஒன்றில் இரண்டு சொற்களில் நிற்கிறேன்.

ஒன்று, மாஸிங் மாடல். கதவு, கைப்பிடி, வண்ணம் எதுவும் இல்லாமல் கட்டடத்தின் பருமனை மட்டும் காட்டும் வெள்ளை மாதிரி. 'பருவுரு' என்று எழுதியிருக்கிறேன். மற்றது ரெண்டர். அந்த வெள்ளை மாதிரியின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு, கட்டி முடித்து நிற்பதைப் போலச் செய்யும் படம். அதற்கு 'மெய்யுரு'.

எடுத்துக்காட்டாக வைத்திருப்பது காட்பாடியில் வடக்குப் பார்த்த மனை, தரைத்தளமும் ஒரு மாடியும், ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேட். சொற்களோடு, செய்முறையில் பிழை இருந்தாலும் சொல்லுங்கள்.

தணிகாசலம், ஆற்காடு

அம்மா, ரெண்டரிங் என்பதற்குப் புதுச்சொல் எதற்கு? 'பூச்சு' என்று எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். உள்சுவருக்கு 12 மி.மீ., வெளிச்சுவருக்கு 20 மி.மீ. 'மெய்யுரு' என்று எழுதினால் சைட்டில் யாருக்கும் புரியாது.

யாஸ்மின், குடியாத்தம்

ஐயா, கோமதி கேட்பது சுவர்ப் பூச்சு இல்லை, கணினியில் செய்யும் படம். இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல் என்பதால் வந்த குழப்பம். அதனாலேயே தமிழில் தனிச்சொல் வேண்டும்.

'பருவுரு' என்றதும் முகப்பருதான் நினைவுக்கு வருகிறது. 'திரளுரு' எப்படி? 'மெய்யுரு' நன்றாக இருக்கிறது. செய்முறையும் எளிது: வெள்ளைப் பரப்புகளில் செங்கல், கல், கண்ணாடிப் படங்களை ஒட்டி, பின்னால் வானத்தையும் மரத்தையும் வைத்தால் ஆயிற்று. சூரியனைத் தெற்கே வையுங்கள், நம் பக்கம் அது எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும்.

முத்துவேல், இராணிப்பேட்டை

'திரளுரு' எனக்கும் சரி. சூரியனைப் பற்றிச் சொன்னது ஆண்டில் எட்டு மாதத்துக்குத்தான் பொருந்தும். வேலூர் ஏறத்தாழ 12.9 பாகை வட அகலாங்கு. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கோமதியின் மனை வடக்குப் பார்த்தது என்பதால் இந்த ஒன்றே படத்தைத் தீர்மானித்துவிடும்.

டிசம்பரில் அந்த முகப்பில் நாள் முழுக்க வெயில் படாது. வானத்து வெளிச்சம் மட்டும்தான். ஜூன் 21 அன்று பகல் 12.15 வாக்கில் சூரியன் வடக்கே சுமார் 79.5 பாகை உயரத்தில் இருக்கும். இரண்டடி, அதாவது 0.6 மீட்டர் சன்ஷேடின் நிழல் அப்போது சுவரில் ஏறத்தாழ 3.2 மீட்டர் இறங்கும். ஒரு தளத்தின் உயரமே 3 மீட்டர் என்றால் சன்ஷேடுக்குக் கீழே தளம் முழுக்க நிழல். ஆக இரண்டு நாளும் நண்பகல் உதவாது.

ஜூன் 21 காலை 8.30 எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் சுமார் 36 பாகை உயரத்தில், வடக்கிலிருந்து கிழக்காக 70 பாகை திரும்பி நிற்கும். முகப்புச் சுவரை வெயில் 20 பாகைச் சாய்வில் உரசிக்கொண்டு போகும். பூச்சின் மேடுபள்ளம் தெரிவது அந்த உரசலில்தான். சன்ஷேட் நிழல் 1.3 மீட்டர் இறங்கும். நாலடி ஜன்னல் நிழலுக்குள் போய், அதற்குக் கீழே உள்ள சுவர் வெயிலில் நிற்கும். இந்த ஊர் வீடு காலையில் அப்படித்தான் இருக்கும். பிளெண்டரின் சன் பொசிஷன் துணைநிரலில் அந்த நாள், நேரத்தோடு இவற்றைக் கொடுத்தால் போதும்:

```
Latitude   12.92
Longitude  79.13
UTC Zone   5.5
```

அதன் பிறகு மாதிரியின் வடக்கைச் சரிபாருங்கள். வரைபடத்தில் மேல்பக்கம்தான் வடக்கு என்று எடுத்துக்கொள்வதால் வரும் பிழை அதிகம். ஸ்கிரீன்ஷாட்டில் ஏற்கெனவே நிழல் இருந்தால் அதை நம்பக்கூடாது. இடம் குறிக்காத ஸ்கெட்ச்அப் கோப்பில் நிழல் வேறெங்கோ உள்ள ஊரின் சூரியனுக்கு விழுந்திருக்கும்.

கோமதி, வேலூர்

நன்றி ஐயா. மாணவரிடம் மூலக் கோப்பு இல்லாமல் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தால்?

முத்துவேல், இராணிப்பேட்டை

fSpy என்ற இலவசக் கருவியில் படத்தை ஏற்றி, இரண்டு திசை விளிம்புகளின் மேல் கோடுகளை வைத்தால் கேமரா கிடைக்கும். தெரிந்த ஓர் அளவையும் கொடுக்க வேண்டும், ஏழடிக் கதவு என்றால் 2.1 மீட்டர். பிறகு அந்தக் கேமரா வழியாகப் பார்த்துப் பெட்டிகளைத் திரும்பக் கட்டலாம். இரண்டு இடத்தில் சிக்கும். ஸ்கிரீன்ஷாட் இணைக்கோட்டுப் பார்வையில் எடுத்ததென்றால் கோடுகள் எங்கும் சந்திக்காது, கேமராவும் கிடைக்காது. ஓரம் வெட்டிய படமென்றால் கருவி படத்தின் நடுவையே கேமராவின் நடு என்று எண்ணிக்கொள்ளும். பெட்டி ஒரு மூலையில் பொருந்தி மறு மூலையில் விலகினால் காரணம் அதுதான். அப்போது செங்குத்து விளிம்புகளையும் மூன்றாவது திசையாகக் கொடுக்க வேண்டும்.

யாஸ்மின், குடியாத்தம்

சூரியன் விஷயத்தில் என் தவறு, திருத்திக்கொண்டேன். ஆனால் செங்கல் படம் ஒட்டுவதில் என்ன குறை? நான் செய்த ஒரு படத்தில் வீடு பொம்மை மாதிரி தெரிந்தது, ஏனென்று பிடிபடவில்லை.

தணிகாசலம், ஆற்காடு

இது எனக்குத் தெரிந்த கணக்கு. வரிசைகளை எண்ணிப் பாரம்மா. மூணு இஞ்ச் கல், மேலே 10 மி.மீ. கலவை, வரிசைக்கு 85 மி.மீ. மூணு மீட்டர் சுவருக்கு 35 வரிசை வரணும். உன் படத்தில் 15 வரிசைதான் இருக்குமென்றால் பார்க்கிறவர் கண் கல்லைச் சரியாக வைத்துக்கொண்டு வீட்டைச் சின்னதாக்கிவிடும்.

யாஸ்மின், குடியாத்தம்

எண்ணினேன் ஐயா. பதினாறு.

முத்துவேல், இராணிப்பேட்டை

தணிகாசலம் ஐயா சொன்னதற்கு மேல் செங்கல்லில் சொல்ல எதுவும் இல்லை. பின்னால் ஒட்டும் வானத்தையும் மரத்தையும் பற்றி ஒன்று சொல்கிறேன். சன்ஷேடின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே நேர் வெயில் படாது, எதிரே உள்ள தரையில் பட்டு மேலே எழும் வெளிச்சம்தான் படும். முன்னால் செம்மண் என்றால் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகும், சிமெண்ட் தரை என்றால் சாம்பல் வெளுப்பு. ஒட்டிய படம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. அதனால் தரை, எதிர்ச்சுவர், பக்கத்து வீட்டின் பெட்டி, வாசல் வேப்பமரம் இவையெல்லாம் மாதிரிக்குள்ளேயே இருக்க வேண்டும். தூரத்துப் பாறை மலைகளுக்கு மட்டும் ஒட்டுப்படம் போதும்.

வெள்ளையையும் குறையுங்கள். புதுச் சுண்ணாம்புக்கு 0.8, மழை பார்த்த சுவருக்கு 0.5 அளவில் பிரதிபலிப்பு வையுங்கள். எல்லாமே 0.8 என்றால் வெளிச்சம் அங்கும் இங்கும் தெறித்து நிழலெல்லாம் வெளுத்து, திரும்பவும் திரளுருவாகவே தெரியும். சூரியன் தெரியும் வானப் படத்தோடு தனிச் சூரிய விளக்கும் வைத்தால் தூணுக்கு இரண்டு நிழல் விழும், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பொருள் எதுவும் பூசாமல், ஒரே மண் நிறத்தில் வெயிலும் நிழலும் மட்டும் கணக்கிட்டு எடுக்கும் படமும் ரெண்டர்தான். அது மெய் போலத் தோன்றாது. 'மெய்யுரு' அதற்கு ஒட்டாது. கணக்கிடப்படுவது ஒளி என்பதால் 'ஒளியுரு' என்கிறேன். ஒளியுருவாக்கு, ஒளியுருவாக்கம் என்று வினையாகவும் வளரும்.

கோமதி, வேலூர்

ஒளியே இல்லாமல் விளிம்புக்கோடு மட்டும் எடுத்துத் தரும் படத்தையும் ரெண்டர் என்கிறார்களே ஐயா, அங்கே 'ஒளியுரு' இடிக்காதா? 'மெய்யுரு' நிஜம் போன்ற படத்துக்கு மட்டும் என்றும், பொதுச்சொல் வேறு என்றும் பிரித்தால்?

முத்துவேல், இராணிப்பேட்டை

இடிக்கத்தான் செய்கிறது. அந்தப் பொதுச்சொல் எனக்கும் அகப்படவில்லை. 'திரளுரு'வைக் குறிப்பில் போட்டுவிடுங்கள், மற்றதற்கு இப்போதைக்கு ரெண்டர் என்றே இருக்கட்டும்.

தணிகாசலம், ஆற்காடு

பூச்சுக்கு ரெண்டரிங் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அம்மா. அது பூச்சுதான்.