பொங்கலுக்குத் தள்ளுபடி போடுவதா, மாசிக்குப் போடுவதா? (டெல்டா ஜவுளிக்கடை)

கடைத்தெரு:
திருத்துறைப்பூண்டி பக்கம் சின்ன ஜவுளிக்கடை. சேலை, வேட்டி, ரெடிமேட், கொஞ்சம் ஸ்கூல் யூனிஃபார்ம். வருஷத்துக்கு மூணு தடவைதான் ஆஃபர் போட வசதி. அறுவடை, பள்ளித் திறப்பு, கல்யாண சீசன் மூணுக்கும் எந்தத் தேதியில் ஆரம்பிக்கணும்? இதுவரை ஜனவரி 1 முதல் 13 வரை கடை முழுக்க 10 சதவீதம் கொடுத்து வந்தேன். கூட்டம் வருது, கையில் ஒண்ணும் நிக்கல.

சரவெடி:
பொங்கல்தானே அறுவடைத் திருநாள், அதுல என்ன சந்தேகம்? வீட்டுக்கு வீடு துணி எடுக்கிற ஒரே சமயம் அது. பக்கத்துக் கடைக்காரர் பேனர் கட்டியிருக்கும்போது நீங்க சும்மா இருந்தா கூட்டம் அங்க போயிடும். 10 பத்தலைன்னா 15 ஆக்குங்க, ஆட்டோவுல மைக் விடுங்க. ஆடியில ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு. முடிஞ்சது கதை.

பேரேடு:
சரவெடி சொல்வதில் பாதி சரி. பொங்கலுக்குக் கூட்டம் வரும். அது தள்ளுபடி இல்லாமலும் வரும் கூட்டம் என்பதுதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 நாளில் ஆஃபர் இல்லாமல் 6 லட்சம் விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 30 லாபம் என்றால் 1,80,000 நிற்கும். 10 சதவீதம் குறைத்ததால் சரக்கு 15 சதவீதம் கூடுதலாகப் போகிறது என்றே வைப்போம். பழைய விலையில் 6,90,000 மதிப்புள்ள சரக்கு. அதன் அடக்கம் 4,83,000, கல்லாவுக்கு வந்தது 6,21,000, மிச்சம் 1,38,000. கூட்டமும் வேலையும் கூடி, 42,000 குறைந்திருக்கிறது. 30 லாபத்தில் 10 தள்ளினால் ஒன்றரை மடங்கு விற்றால்தான் பழைய லாபம் வரும். 15 தள்ளினால் இரண்டு மடங்கு. பொங்கலுக்கு எடுக்க வேண்டியவர் எப்படியும் எடுப்பார், இரண்டு மடங்கு எடுக்க மாட்டார்.

இன்னொன்று, உங்கள் ஊரில் பொங்கலன்று விவசாயி கையில் சம்பாப் பணம் இருக்காது. கடைமடையில் ஆகஸ்டு, செப்டம்பரில் விட்ட நீண்டகாலப் பயிர் தை பிறந்த பிறகுதான் முழுவீச்சில் அறுவடைக்கு வரும். பொங்கல் துணி பெரும்பாலும் கடனிலோ, சம்பளத்திலோ, கூலியிலோ எடுப்பது. சம்பா காசு மாசியில் வரும்.

மஞ்சள்மண்டி:
ஈரோட்டுப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாதுங்க. மஞ்சள் வெட்டி, வேகவச்சு, காயவச்சு மண்டிக்கு வரவே பங்குனி ஆயிடும். வந்த பிறகும் விலை ஏறட்டும்னு குடோன்ல வச்சிருப்பாங்க. எங்க கடையில அறுவடை ஆஃபர்னு தேதி குறிச்சு ஒரு தடவைகூட சரியா அமையல. விலை ஏறுற வாரம்தான் எங்களுக்கு சீசன். நீங்களும் மண்டி விலையப் பாத்துட்டு ஆஃபர் போடுங்க.

பேரேடு:
மஞ்சளுக்கு அது சரிங்க. நெல்லுக்குப் பொருந்தாது. கொள்முதல் நிலையத்தில் விலை முன்பே அறிவித்தது. 2025-26 பருவத்துக்கு சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. விலைக்காக யாரும் காத்திருப்பதில்லை. காத்திருப்பதெல்லாம் இயந்திரத்துக்கும் சாக்குக்கும் வெயிலுக்கும்தான்.

ஐந்து ஏக்கர்காரரை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் 55 வீதம் 275 சிப்பம், அதாவது 110 குவிண்டால், ஏறத்தாழ 2.8 லட்சம். வங்கிக் கணக்கில் ஏறும். ஏறிய அன்றே துணிக்கடைக்கு வர மாட்டார். அறுவடை இயந்திர வாடகை, உரக்கடை பாக்கி, கூட்டுறவுக் கடன், அடகில் இருக்கும் நகை எல்லாம் முதலில் நிற்கும். நகையைத் திருப்பிய பிறகுதான் வீட்டம்மா கையில் காசு புரளும். பணம் ஏறியதிலிருந்து பத்து, பதினைந்து நாள் கழித்து உங்கள் நாள் வரும்.

அதனால் காலண்டரைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். உங்கள் கடைக்கு வரும் பத்து, பன்னிரண்டு ஊரை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊர்க் களத்தில் எடை தொடங்கியது, பட்டியல் போட்டவருக்குப் பணம் ஏறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை கேளுங்கள். டீக்கடையில் கேட்டாலே போதும். பாதி ஊருக்குப் பணம் ஏறி, கூட்டுறவு வங்கியில் நகை திருப்பக் கூட்டம் நின்றால், அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம். பெரும்பாலும் மாசி முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் விழும்.

சரவெடி:
மழை பெஞ்சா?

பேரேடு:
நியாயமான கேள்வி. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடை நேரத்தில் டெல்டாவில் மழை கொட்டி, அந்த வரம்பைத் தளர்த்த வேண்டி வந்தது. அப்படி நடந்தால் பணம் வருவது தள்ளிப்போகும். சிலர் ஈர நெல்லை வியாபாரிக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். காசு சீக்கிரம் வரும், தொகை சிறுக்கும். ஆகவே நோட்டீஸில் தேதியை முன்கூட்டி அச்சடிக்காதீர்கள். தேதிக்கு இடம் விட்டு அடித்து, பிறகு முத்திரை குத்திக்கொள்ளலாம்.

சரவெடி:
சரி அண்ணே, உங்க கணக்குப்படியே மாசிக்கு வருவோம். மாசி டல் மாசம். 25 நாளைக்கு 2.5 லட்சம் விக்கிற கடையில 10 சதவீதம் கொடுத்து, 60 சதவீதம் சரக்கு கூடுதலா போனாலும் மிச்சம் 80,000. ஆஃபரே இல்லாம 75,000. ஐயாயிரத்துக்காகவா இத்தனை பாடு? மைக் ஆட்டோவுக்கே சரியாப் போயிடும்.

பேரேடு:
கணக்கு சரி. அதனால்தான் மாசியிலும் கடை முழுக்கத் தள்ளுபடி வேண்டாம் என்கிறேன். 4,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் 150 ரூபாய் அடக்கமுள்ள ஒரு வேட்டியோ துண்டோ கொடுங்கள். விற்பனை 40 சதவீதமே கூடட்டும், 3.5 லட்சத்தில் லாபம் 1,05,000. அந்த அளவு பில் நாற்பது விழுந்தால் பரிசுக்கு 6,000, விளம்பரத்துக்கு 6,000. மிச்சம் 93,000. குடும்பத்தோடு வருபவர் 3,400-ல் நிற்கும்போது இன்னொரு சட்டை எடுத்து 4,000 ஆக்குவார். சதவீதத் தள்ளுபடி அந்த வேலையைச் செய்யாது.

சரவெடி:
அந்த 40 சதவீதம் கூடும்னு யார் சொன்னது? எங்க ஏரியாவுல பரிசுன்னா "அந்தக் காசைக் குறைச்சுக்கோப்பா"ன்னுதான் கேப்பாங்க.

பேரேடு:
அது கடைக்குக் கடை மாறும், மறுக்கவில்லை. முதல் வருஷம் பத்து நாள் மட்டும் வைத்துப் பாருங்கள். போன வருஷம் அதே பத்து நாள் பில் எண்ணிக்கையும், 4,000-க்கு மேல் போன பில் எண்ணிக்கையும் தனியாகக் குறித்து வைத்திருந்தால் தெரிந்துவிடும். மொத்த விற்பனையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஊசிநூல்:
யூனிஃபார்ம் பத்தி யாரும் பேசலையே. தைக்கிற ஆள் என்கிற முறையில சொல்றேன். தம்பி, அதுல தள்ளுபடியே போடாதீங்க. அந்தக் கலர், அந்தக் கட்டம் போட்ட துணி இல்லாம பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியாது. பத்து ரூபா குறைச்சாலும் குறைக்காட்டியும் அளவு இருக்கிற கடையிலதான் வாங்குவாங்க. அரசுப் பள்ளியில எட்டாவது வரைக்கும் சீருடை இலவசம். உங்களுக்கு மெட்ரிக் பிள்ளைங்களும் ஒன்பதாவதுக்கு மேல படிக்கிற பிள்ளைங்களும்தான் வாடிக்கை.

சறுக்குறது அளவுலதான். "வளர்ற புள்ள"ன்னு எல்லாரும் ஒரு சைஸ் பெருசாத்தான் கேப்பாங்க. வகுப்பு எண்ணிக்கையை வச்சு 24 இத்தனை, 26 இத்தனைன்னு எடுத்தா 24 தேங்கும், 28 ரெண்டே நாள்ல காலியாகும். போன வருஷம் வித்த அளவை விட ஒரு படி மேல தூக்கி எடுங்க. ஏப்ரல்லயே பள்ளி ஆபீஸ்ல போயி கலர் மாறுதான்னு கேட்டுடுங்க. மாறினது தெரியாம எடுத்தா அது துடைக்கிற துணிதான்.

கடைத்தெரு:
அப்போ பள்ளித் திறப்புக்கு ஆஃபரே வேண்டாமா அக்கா?

ஊசிநூல்:
வேணும், வேற சரக்குக்கு. ரெண்டு செட் யூனிஃபார்ம் எடுத்தா சாக்ஸ், பனியன், பெல்ட் சேர்த்து ஒரு கட்டு விலை. யூனிஃபார்ம் விலையில கை வைக்காம, கூட வாங்குறதைப் பெருக்கணும். மே கடைசி வாரம் ஆரம்பிச்சு, பள்ளி திறந்து ரெண்டு வாரம் வரைக்கும் வைங்க. முதல்ல ஒரு செட்டோட சமாளிக்கிறவங்க, ஜூலை சம்பளம் வந்ததும் ரெண்டாவது செட்டுக்கு வருவாங்க. அவங்களுக்காக ஓடுற அளவுல கொஞ்சம் பிடிச்சு வைங்க.

வெயில்னு திறப்பு தள்ளிப்போறதும் உண்டு. 2023-ல ஜூன் 1-ன்னு சொல்லி கடைசியில 12-ஆம் தேதிதான் பெரிய வகுப்புங்க திறந்துச்சு. அதனால ஆஃபருக்கு முடிவு தேதி போடும்போது "பள்ளி திறந்து 15 நாள் வரை"ன்னு போடுங்க.

பேரேடு:
அக்கா சொன்னதோடு ஒன்று. சம்பா அறுத்த வயலில் விதைத்த உளுந்து, பயறு பங்குனி, சித்திரையில் வரும். சின்னத் தொகைதான். ஆனால் பல வீடுகளில் அது பெண்கள் கையில் நிற்கும் காசு. யூனிஃபார்முக்கு சித்திரையிலேயே 200 ரூபாய் முன்பணம் வாங்கி அளவைப் பதிந்துகொண்டால், எந்த அளவு எவ்வளவு எடுப்பது என்ற குழப்பமும் பாதி தீரும்.

சரவெடி:
கல்யாணத்துக்காவது தள்ளுபடி உண்டா, அதுவும் கிடையாதா?

பேரேடு:
முகூர்த்தப் பட்டுக்கு உங்கள் கடைக்கு வர மாட்டார்கள். கும்பகோணமோ காஞ்சிபுரமோ போய்விடுவார்கள். உங்களுக்கு வருவது உறவுக்காரருக்கு எடுத்துக் கொடுக்கும் துணி. இருபது சேலை, முப்பது வேட்டி துண்டு, கொஞ்சம் ரவிக்கைத் துணி. அதற்கு எண்ணிக்கை விலை வையுங்கள். பத்துக்கு மேல் ஒரு விலை, இருபத்தைந்துக்கு மேல் ஒரு விலை. எடுத்ததில் மிஞ்சியதை மடிப்புக் கலையாமல் பத்து நாளுக்குள் கொடுத்தால் மாற்றித் தருவேன் என்று சொல்லுங்கள். பணம் திருப்ப வேண்டியதில்லை, வேறு துணியாக மாற்றினால் போதும். தள்ளுபடியை விட அந்த வார்த்தைக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் எத்தனை பேர் வருவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

தேதி என்றால், முகூர்த்தத்துக்கு மூன்று முதல் ஐந்து வாரம் முன்னால். வைகாசிக் கல்யாணத்துக்குச் சித்திரையில், ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில்.

சரவெடி:
பாத்தீங்களா, கடைசியில ஆடிக்கு வந்துட்டீங்க!

பேரேடு:
ஆடியில் விவசாயி காசு விதைநெல்லுக்கும் நாற்றங்காலுக்கும் போய்விடும். அவருக்காக ஆடி ஆஃபர் போட்டால் ஓடாது. ஆவணியில் கல்யாணம் வைத்த வீட்டுக்காக என்றால் போடலாம். அந்த இருபது, முப்பது வீடு எதுவென்று மண்டபத்து மேனேஜரிடமும் பத்திரிகை அடிக்கும் அச்சகத்திலும் கேட்டாலே தெரியும். அதற்கு மைக் ஆட்டோ எதற்கு?

சரவெடி:
பொங்கலுக்கு எதிர்க்கடை பேனர் கட்டும்போது இவர் கடை காலியா இருந்தா, அந்த வாடிக்கை மாசியிலும் அங்கதான் போகும். இதுக்கு மட்டும் உங்ககிட்ட பதில் இல்லண்ணே.

பேரேடு:
முழுப் பதில் இல்லைதான். ரெண்டு ரகத்தை மட்டும், குழந்தைகள் ரெடிமேடையும் சாதா வேட்டியையும், அடக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசலில் தொங்கவிடலாம். மற்றதை முழு விலையில் விற்கலாம். அது போதுமா என்பது எதிர்க்கடை எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுத்தது.

கடைத்தெரு:
டிசம்பர்ல எடுத்த பொங்கல் சரக்குக்கு மொத்த வியாபாரிக்கு 60 நாள் தவணை. பிப்ரவரியில பணம் கட்டணும். மாசி ஆஃபர் அதுக்கு முன்னாடி விழுமா, பின்னாடி விழுமான்னுதான் இப்ப யோசனை. ஊர் லிஸ்ட் எழுத ஆரம்பிச்சிட்டேன், பதினாலு ஊர் வருது.