போன் தொலைந்தபின் ஜிமெயிலுக்குள் எப்படி நுழைந்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

தென்காசிக்காரன்
போன மாதம் பஸ்ஸில் யாரோ போனை உருவிவிட்டார்கள். மெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தேன். பாஸ்வேர்டு நினைவிருக்கிறது, அதைக் கொடுத்தால் 'போனில் Yes தட்டு' என்கிறது, போனோ எவன் பையிலோ. கீழே Try another way அழுத்தினால் எஸ்எம்எஸ் வழி இருந்தது. சரி, டூப்ளிகேட் சிம் வாங்கினால் முடிந்தது என்று கடைக்குப் போனேன். மதியமே டவர் வந்துவிட்டது, கால் போகிறது, வருகிறது, எஸ்எம்எஸ் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. கடைப்பையன் சிம்மைக் கழற்றிக் கழற்றிப் போட்டதுதான் மிச்சம். மறுநாள் மதியம் தானாக வந்தது. விசாரித்தால், மாற்று சிம் வேலை செய்யத் தொடங்கி 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறை 2022-இல் போட்ட உத்தரவாம். உங்கள் பெயரில் வேறொருவன் சிம் வாங்கி ஓடிபி பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. நியாயம்தான், ஆனால் அந்த ஒரு நாள் முழுக்க நான் வெளியே நின்றேன். அதற்குள் யாராவது உள்ளே போயிருக்கிறீர்களா?

பவானி அக்கா
இதற்கு எதற்குத் தம்பி சிம்? ரெக்கவரி மெயில் என்று வீட்டுக்காரர் ஐடியைக் கொடுத்து வைத்திருந்தால் அதற்குக் கோடு வந்துவிடுமே. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

குறிஞ்சி
அக்கா, பாதி சரி. சாதாரணமாக உள்ளே நுழையும்போது இரண்டாம் அடுக்குக்கு ரெக்கவரி மெயில் செல்லாது, அந்தப் பட்டியலிலேயே இருக்காது. g.co/recover போய்க் கணக்கை மீட்கும்போதுதான் அது உதவும். அங்கேயும் இரண்டடுக்கு போட்ட கணக்கென்றால் 3 முதல் 5 வேலைநாள் பொறு என்று சொல்லக்கூடும். அதை எப்போதும் மெயில் பார்க்கிற லேப்டாப்பில், வீட்டு வைஃபையில் செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்தால் நீங்கள்தான் என்று நம்ப அதற்கு ஒன்றும் கிடைக்காது.

தென்காசிக்காரருக்கு: என் அத்தை போனைத் தொலைத்தபோது அன்றைக்கே நுழைந்தோம். வீட்டு லேப்டாப்பில் முன்பே Don't ask again on this device டிக் செய்திருந்தார், அதனால் பாஸ்வேர்டு மட்டும் போதுமானதாக இருந்தது. முதல் வேலையாக Security பக்கத்தில் Your devices திறந்து தொலைந்த போனை sign out செய்தோம், இல்லாவிட்டால் அந்த Yes கேள்வி திருடன் கையில் இருக்கிற போனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் Backup codes, போன் இல்லாதபோது இரண்டாம் அடுக்கில் கொடுக்க. எட்டு இலக்கத்தில் 10 கோடு தரும், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம், புதிதாக 10 எடுத்தால் பழைய தாள் குப்பைக்கு. நடுவில் திரும்பவும் பாஸ்வேர்டு கேட்டது. சிலருக்கு அந்த இடத்தில் இரண்டாம் அடுக்கையும் கேட்டிருக்கிறது, அப்படிக் கேட்டால் லேப்டாப் இருந்தும் சிம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

துபாய் ராஜா
ஊர் நம்பரைப் போட்டு வைத்திருக்கிற நம்மவர்கள் கவனிங்க, இங்கே இருந்துகொண்டு இந்திய டூப்ளிகேட் சிம் வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. நான் எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே கோடு காட்டும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தேன், 2023-க்குப் பிறகு அது கோடுகளைக் கூகுள் கணக்கிலேயே சேமித்துக்கொள்கிறது என்று தைரியமாகவும் இருந்தேன். புது போனில் ஆப்பைப் போட்டால் அந்தக் கோடுகள் வர அதே மெயிலில் நுழையச் சொல்கிறது! சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. பாஸ்போர்ட் உறைக்குள் பேக்கப் கோடு தாள் இருந்ததால் பிழைத்தேன்.

மணி_77
எல்லாரும் ஏன் இப்படிச் சுற்றுகிறீர்கள்? ceir.gov.in-இல் ஐஎம்இஐ கொடுத்துப் போனை முடக்கிவிட்டால் மெயிலும் முடங்கிவிடும். நான் அப்படித்தான் நிம்மதியாக இருக்கிறேன்.

குறிஞ்சி
மணி, அது செல்போன் நெட்வொர்க்கைத்தான் தடுக்கும். போனைத் திறக்கத் தெரிந்தவன் வைஃபையில் மெயிலைப் படிக்கலாம். Your devices பக்கத்தையும் போய்ப் பாருங்கள்.

பழைய சிம்மும் ஒரு தொல்லை. போனுக்குப் பூட்டு இருந்தாலும் சிம்மை உருவி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அங்கே வரும். அதனால் தொலைந்த உடனே கஸ்டமர் கேருக்குப் பேசி சிம்மை நிறுத்தணும், அல்லது முன்கூட்டியே சிம்முக்கே SIM PIN என்கிற பூட்டு எண் போடணும். PIN போடுகிறவர்கள் கம்பெனி கொடுத்த முதல் எண்ணைத் தெரிந்துகொண்டு போடுங்கள், குத்துமதிப்பாக மூன்று முறை தப்பாக அடித்தால் PUK என்கிற திறப்பு எண்ணைக் கேட்டு உட்கார்ந்துகொள்ளும்.

பவானி அக்கா
என் மெயிலுக்கும் பையன் மெயிலுக்கும் என் நம்பர்தான். அப்போ என் போன் போனால் இரண்டு பேருமே வெளியேவா?

தென்காசிக்காரன்
அதே வழியை மட்டும் நம்பியிருந்தால் ஆமாம் அக்கா. ஒரு கணக்கில் ஒன்றுக்கு மேல் நம்பர் சேர்க்கலாம். அவன் நம்பரை உங்களுடையதில் சேருங்கள், உங்களுடையது அவனுடையதில் இருக்கட்டும்.

துபாய் ராஜா
காலேஜ் பையன் நம்பரையா? அவன் ஆஃபர் வந்தால் சிம்மையே மாற்றுவான். தாள்தான் சரி.

பவானி அக்கா
தாளை எங்கே வைப்பது? பீரோவில் வைத்தால் வீட்டுக்காரர் எடுத்து மளிகைக் கணக்கு எழுதிவிடுவார்.